நூலகச் சுவரில் ‘வாசிப்போம்’: பப்பிள் எழுத்தும் பிளாக் எழுத்தும் எழுதும் முறை

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளி நூலகத்தின் வெளிச்சுவர் 16 அடி நீளம், 7 அடி உயரம். அதில் ‘வாசிப்போம்’ என்று 3 அடி உயரத்துக்குப் பப்பிள் எழுத்திலும், அதற்குக் கீழே ‘பள்ளி நூலகம்’ என்று சின்னதாகப் பிளாக் எழுத்திலும் எழுதணும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் வண்ணம் அடிப்பார்கள். போன வருடம் வேறொரு சுவரில் முயன்றோம். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டது, ஷேடு போட்ட பிறகு படிக்கவே முடியவில்லை. அவுட்லைன், ஃபில், ஷேடு, ஹைலைட் எல்லாம் எந்த அளவில், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்:

போன வருடம் நடந்ததற்குக் காரணம் பிள்ளைகளின் கை இல்லை என்று நினைக்கிறேன். பப்பிள் எழுத்து ஆங்கில எழுத்துக்காகப் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் ரயில் பெட்டிகளில் எழுதியவர்கள், குறிப்பாக ஃபேஸ் 2 என்ற பெயரில் எழுதியவர், பெரிய ஆங்கில எழுத்துகளைப் பலூன் போல ஊதவைத்து அந்தப் பாணியை உண்டாக்கினார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எல்லாம் ஒரே உயரம், உள்ளே ஓட்டை உள்ளவை கொஞ்சம்தான். பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து நின்றாலும் வாசித்துவிடலாம். தமிழில் அப்படியில்லை. சுழி, கொம்பு, கொக்கி, புள்ளி என்று ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக்காட்டுவதெல்லாம் சின்னச் சின்ன உறுப்புகள்தான். ஊதும்போது முதலில் அடைபடுவதும் அவைதான்.

உங்கள் சொல்லிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. ‘போ’ என்பதில் முன்னால் வருவது இரட்டைக்கொம்பு. அதன் மேல்சுழி அடைபட்டால் ஒற்றைக்கொம்பாகிவிடும், சுவரில் ‘வாசிப்பொம்’ என்று நிற்கும். எகர ஏகாரத்துக்கு இந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அந்த ஒரு சுழியில்தான் குறிலும் நெடிலும் பிரிகின்றன. நான் முதன்முதலில் ஒரு பள்ளிக்கு எழுதிய ‘தேடு’ என்ற சொல் தூரத்திலிருந்து ‘தெடு’ என்றுதான் தெரிந்தது. இரண்டு நாள் வேலைக்குப் பிறகு கொம்பை மட்டும் வெள்ளையடித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் முதலில் கணக்குப் போடுவது எழுத்தின் உயரத்துக்கு இல்லை, சுழிக்குள் இருக்கும் ஓட்டைக்கு. மற்ற அளவெல்லாம் அந்த ஓட்டையிலிருந்து வரும்.

உயரத்தைச் சுவர் முடிவு செய்யட்டும்

சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்காமல், இடமிருந்து வலமாக நிற்கும் வடிவங்களாகப் பிரியுங்கள். வ, துணைக்கால், சி, ப், இரட்டைக்கொம்பு, ப, துணைக்கால், ம். மொத்தம் எட்டு வடிவங்கள். பப்பிள் எழுத்துக்கு எழுத்துக்கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் நன்றாக உப்பித் தெரியும். அந்தத் தடிமனை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், உயரம் 6 பங்கு. அகலத்தில் வ-வுக்கு 6, சி-க்கும் ம்-முக்கும் 5, மற்ற ஐந்துக்கும் 4. கூட்டினால் 36 பங்கு.

நீங்கள் கேட்ட 3 அடி உயரத்தில் ஒரு பங்கு 6 அங்குலம். எழுத்துகள் மட்டுமே 216 அங்குலம், அதாவது 18 அடி. சுவரே 16 அடிதான். இந்தக் கணக்கைப் போடாமல் இடதுபக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு போனால் கடைசி எழுத்துகளை நெருக்கித்தான் முடிக்க முடியும். போன வருடம் ஒட்டிப்போனதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

ஒரு பங்கை 4 அங்குலமாகக் குறையுங்கள். எழுத்தின் உயரம் 2 அடி ஆகும். எழுத்துகளின் அகலம் 144 அங்குலம். இனி இடைவெளி. இதில் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு வைக்கக் கூடாது. ‘வா’வின் இரண்டு துண்டும் ஓரெழுத்து, ‘போ’வின் மூன்று துண்டும் ஓரெழுத்து. அவற்றுக்குள் 2 அங்குலமும், ஓரெழுத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் 3 அங்குலமும் விடுங்கள். உள்ளிடைவெளி மூன்று, வெளியிடைவெளி நான்கு, ஆக 18 அங்குலம். மொத்தம் 162. சுவர் 192 அங்குலம் என்பதால் இருபுறமும் 15 அங்குலம் மிஞ்சும். சொல் சுவரின் நடுவில் மூச்சுவிட்டு நிற்கும். 3 அடி உயரம்தான் வேண்டும் என்றால் ‘வாசி’ என்று சொல்லைச் சுருக்கலாம். எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் நீங்கள் தேர்ந்த சொல்லில் பிள்ளைகளோடு நீங்களும் சேர்ந்திருக்கிறீர்கள்.

மேலிருந்து கீழாக: சுவர் உச்சியில் 7 அங்குலம் வெறுமை, சி-யின் கொக்கிக்கும் புள்ளிகளுக்கும் 8, எழுத்துக்கு 24, இடைவெளி 8, பிளாக் எழுத்து 10, ‘நூ’வின் வால் இறங்க 3. அதற்குக் கீழே 24 அங்குலம் மிஞ்சும். அதில் எதுவும் எழுத வேண்டாம். மழைத்தண்ணீர் தெறிப்பதும் பிள்ளைகள் காலை மடக்கிச் சாய்ந்து நிற்பதும் அந்த இரண்டு அடியில்தான்.

அவுட்லைன்: நடுக்கோட்டிலிருந்து ஊதுங்கள்

நேராகச் சுவரில் வரையாதீர்கள். சார்ட் பேப்பரில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக முழு அளவில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். சார்ட் 22க்கு 28 அங்குலம் இருக்கும், வ-வுக்கு மட்டும் இரண்டை ஒட்ட வேண்டிவரும். சி-யின் கொக்கியையும் புள்ளிகளையும் தனித் துண்டாக வெட்டுங்கள்.

வரையும் விதம் இதுதான். முதலில் சாதாரணமாக, ஒற்றைக் கோட்டில் எழுத்தை எழுதுங்கள். அந்த வடிவத்துக்கு ஒதுக்கிய உயர அகலத்தின் ஓரம் வரை போகக் கூடாது. நாலாபுறமும் 2 அங்குலம் உள்ளே தள்ளி எழுத வேண்டும், ஏனென்றால் கோடு இருபக்கமும் 2 அங்குலம் பருக்கப்போகிறது. பிறகு 4 அங்குல விட்டத்தில் ஓர் அட்டை வட்டு வெட்டி, அதன் நடுவில் துளையிடுங்கள். துளை கோட்டின் மேலேயே இருக்கும்படி வட்டை நகர்த்தி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் வட்டங்களின் வெளி ஓரங்களைச் சேர்த்து வரைந்தால் எழுத்து தானாக உப்பி வரும். முனைகள் உருண்டையாகிவிடும், தடிமன் எங்கும் ஒரே அளவாக இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்துவிடும். இரண்டு கோடுகள் சந்திக்கும் உள்மூலையை மட்டும் உருட்டாமல் கூராக விடுங்கள். இரண்டு பலூன்கள் நெருங்குமிடத்தில் மடிப்பு விழுமே, அதுபோல. அந்த மடிப்பு இருந்தால்தான் எழுத்து காற்றடைத்ததாகத் தெரியும். அதையும் உருட்டினால் மாவுருண்டை ஆகிவிடும்.

இப்போது சுழிக்கு வருகிறேன். சுழிக்குள் ஓட்டை குறைந்தது 2 அங்குலம் வேண்டும். கோடு 4 அங்குலம் என்றால் சுழியின் வெளி அகலம் 4, 2, 4 சேர்ந்து 10 அங்குலம். இரட்டைக்கொம்பின் உயரம் 24. கீழே 10, மேலே 10, இடையில் 2 என்று வைத்தால் 22. கணக்கில் நுழைந்துவிடும், கண்ணுக்கு நெருக்கடியாகத்தான் இருக்கும். அதனால் சுழி வரும் இடங்களில் மட்டும் 3 அங்குல வட்டைப் பயன்படுத்துங்கள். சுழியின் வெளி அகலம் 8 ஆகிவிடும், இரண்டு சுழிக்கும் நடுவில் காற்றோட்டம் கிடைக்கும். 4 அங்குலக் கோடு 3 அங்குலமாக மாறும் இடத்தை ஒரு சாண் நீளத்தில் மெதுவாக இளைக்கவிட்டால் யாருக்கும் தெரியாது. வ-வின் சுழிக்கும் ம-வின் சுழிக்கும் இதே விதி. ஓட்டையை வட்டமாக வெட்டாமல் நீர்த்துளி போல ஒரு பக்கம் கூராக வெட்டினால் அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

ப-வுக்கு வேறொரு ஆபத்து. அது மேலே வாய் திறந்த எழுத்து. 16 அங்குல அகலத்தில் இரண்டு கால்களும் 8 அங்குலம் எடுத்துக்கொண்டால் வாய்க்கு 8 அங்குலம் இருக்கும். அதை அப்படியே வைத்திருங்கள். உருட்டுகிற ஆசையில் இரண்டு தலைகளையும் உள்பக்கம் வளைத்தால் பெட்டி மூடிக்கொள்ளும். துணைக்கால் அதற்கு நேர் எதிர், அதன் வாய் கீழே. அதன் காலடியைக் கொஞ்சம் சாய்த்து இழுத்தாலும் ‘ர’ ஆகிவிடும். கால் இரண்டும் தரைக்கோட்டிலேயே உருண்டு முடியட்டும்.

புள்ளியை 4 அங்குல உருண்டையாக, எழுத்தின் தலையிலிருந்து 2 அங்குலம் மேலே வையுங்கள். ப் மேல் வரும் புள்ளியை அதன் திறந்த வாய்க்குள் பாதி இறக்கிவைத்தால் அழகாக இருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், வாசிப்பவர் ஊகித்துக்கொண்டார். நம் சுவரை வாசிக்கப்போவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

சுவருக்கு ஏற்றுதல்

சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைத்தூள் ஒட்டினால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடிக்காமல் எதையும் தொடங்கக் கூடாது. அடித்த எமல்ஷன் அந்தத் தூளோடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். அதன்பின் வெளிர் நீலம் இரண்டு கோட்டிங். 112 சதுர அடிக்கு இரண்டு லிட்டர் வெளிச்சுவர் எமல்ஷன் ஏறக்குறையப் போதும்.

காய்ந்ததும் தரைக்கோடும் தலைக்கோடும் நூல் அடித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் நூலில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து இருவர் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் கோடு விழும். துணிக்குப் போடும் நீலத்தைத் தூளுக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். மேலே அடிக்கும் மஞ்சளில் அது கசியும்.

வெட்டிய சார்ட் எழுத்துகளைப் பேப்பர் டேப்பால் சுவரில் ஒட்டி, முப்பது அடி பின்னால் போய்ப் பாருங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் எங்கே நெருக்கம், எங்கே ஓட்டை என்று தெரியும். வாய் திறந்த ப-வுக்குப் பக்கத்தில் இடைவெளி எப்போதும் அதிகமாகத் தெரியும், அங்கே அரை அங்குலம் நெருக்கலாம். சார்ட்டாக இருக்கும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதற்காகத்தான் இத்தனை வெட்டு வேலை.

சரியான இடம் கிடைத்ததும் சுற்றி வரையுங்கள். பென்சில் வேண்டாம். அதன் கரி மஞ்சளில் கலந்து அழுக்காக்கும். சாக்பீஸில் வரைந்து, பிள்ளைகள் கை பட்டு அழிவதற்குள் அந்தக் கோட்டின் மேலேயே தண்ணீர் கலந்த நடுத்தர நீலத்தை மெல்லிய பிரஷ்ஷால் ஓட்டிவிடுங்கள்.

ஷேடு: முதலில் அடிப்பது, கடைசியில் தெரிவது

படிக்க முடியாமல் போனது ஷேடு போட்ட பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் என்று பாருங்கள். வெளிச்சம் மேல் இடமிருந்து வருகிறது என்று வைத்தால், நிழல் கீழ் வலமாக விழும். எழுத்தின் வெளிப்பக்கம் மட்டுமல்ல, சுழிக்குள்ளும் விழும். சுழியின் மேல் இடப்புறக் கோடு தன் நிழலை ஓட்டைக்குள் போடுகிறது. ஓட்டை 2 அங்குலம். நிழல் ஒன்றரை அங்குலம். அவுட்லைன் அரை அங்குலப் பட்டையாக எழுத்தோரத்தின் மேல் ஓடும்போது ஓட்டையின் இருபக்கமும் கால் கால் அங்குலம் தின்கிறது. மிச்சம் ஒன்றரை. அதில் பெரும்பகுதியை நிழல் எடுத்துக்கொண்டால் ஓட்டை இருப்பதே தெரியாது. நிழல் கறுப்பாகவும் இருந்துவிட்டால் சுழி கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும்.

இதற்கு இரண்டு தீர்வையும் சேர்த்தே செய்யுங்கள். முதலாவது, நிழலின் ஆழம். அது எழுத்துகளுக்கிடையே உள்ள மிகச் சிறிய இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் உள்ளிடைவெளி 2 அங்குலம், எனவே நிழல் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வ-வின் நிழல் துணைக்காலின் மேல் ஏறும்.

இரண்டாவது, நிழலின் வண்ணம். நிழல் என்பது வெளிச்சம் குறைந்த சுவர். அதனால் சுவர் வண்ணத்திலிருந்தே அதைக் கலக்க வேண்டும். அடித்து மிஞ்சிய வெளிர் நீலத்தில் கால் லிட்டர் எடுத்து, நீல ஸ்டெய்னரும் துளி கறுப்பும் சேர்த்து இரண்டு மூன்று படி கருமையாக்குங்கள். அந்த நீலத்தைச் சுழிகளுக்குள் முழுக்க நிரப்பிவிடலாம். சுழிக்குள் நிழலுக்கென்று பிறை வரைய வேண்டாம். சுற்றி மஞ்சள் இருக்கும்போது அந்த நீலம் கண்ணுக்குச் சுவரில் உள்ள பள்ளமாகவே தெரியும், ஓட்டை அடைபட்டதாகத் தோன்றாது. ப-வின் வாய், துணைக்காலின் வாய் போன்ற பெரிய இடங்களில் மட்டும் நிழலை முறையாக வரையுங்கள்.

வரைவதற்கு மறுபடியும் அந்தச் சார்ட் எழுத்துதான். எழுத்திருந்த இடத்திலிருந்து வலப்பக்கம் ஒன்றரை, கீழே ஒன்றரை அங்குலம் நகர்த்தி வைத்துச் சுற்றி வரையுங்கள். முதல் கோட்டுக்கு வெளியே துருத்தும் பகுதிதான் நிழல். கணக்கோ கற்பனையோ வேண்டியதில்லை. புள்ளிக்கும் கொக்கிக்கும் தனித்தனியாக நகர்த்துங்கள். பிள்ளைகள் மறப்பது புள்ளியின் நிழலை.

ஷேடை வலத்தில் போடுவதா இடத்தில் போடுவதா என்று போர்டு எழுதுபவர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆங்கிலப் பலகைகளில் இடப்பக்கம் போடுவது பழைய வழக்கம், அங்கே பல எழுத்துக்கு இடப்பக்கம்தான் நேர்க்கோடு. தமிழில் வ, ப, துணைக்கால் எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் நேராக நிற்கிறது, நெளிவுகள் பெரும்பாலும் இடப்பக்கம். வலத்தில் போட்டால் நிழல் நேர்ப்பட்டையாகச் சுத்தமாக விழும். என் தேர்வு எப்போதும் கீழ் வலம். எதைத் தேர்ந்தாலும் மொத்தச் சுவரிலும் அது மாறக் கூடாது. இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்து அடித்து வந்தால் நடுவில் நிழல் எதிரெதிராக நிற்கும். சுவரின் மேல் இடது மூலையில் சாக்பீஸால் ஒரு சூரியன் வரைந்து வைத்துவிடுங்கள், அதைப் பார்த்துக்கொண்டு அடிப்பார்கள்.

நிழலை எழுத்தின் கோட்டோடு நிறுத்தாமல் அரை அங்குலம் எழுத்துக்குள் புகவிட்டு அடியுங்கள். பிறகு மஞ்சள் அதன் மேல் ஏறும்போது நடுவில் சுவர் எட்டிப்பார்க்காது.

ஃபில்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களுக்கு மூடும் திறன் குறைவு. நீலச் சுவரில் நேராக மஞ்சள் அடித்தால் முதல் கோட்டிங் பச்சை கலந்ததுபோல் தெரியும், மூன்றாவது நான்காவதிலும் திட்டுத்திட்டாக நிற்கும். எழுத்துக்குள் முதலில் ஒரு வெள்ளைக் கோட்டிங் கொடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு மஞ்சள் இரண்டு தடவை போதும், நிறமும் பளிச்சென்று வரும்.

வெள்ளையில் ஸ்டெய்னர் கலந்தே மஞ்சள் செய்துவிடலாம் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். வெள்ளையில் எவ்வளவு ஊற்றினாலும் சந்தன நிறத்தைத் தாண்டாது, அளவுக்கு மீறினால் காயவும் காயாது, தொட்டால் கையில் ஒட்டும். அடர் நிறம் வேண்டுமென்றால் மெஷினில் கலந்த அடர் மஞ்சளாகவே கேட்டு வாங்க வேண்டும். எட்டு வடிவங்களின் பரப்பு ஏறக்குறைய 13, 14 சதுர அடிதான் வரும். அரை லிட்டர் மஞ்சள் போதும்.

பப்பிள் எழுத்துக்கு ஒரே வண்ணம் தட்டையாகத் தெரியும். ஆனால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மங்கலாகக் கரைய வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். எமல்ஷன் வெயிலில் சில நிமிடங்களிலேயே இழுக்கத் தொடங்கும், பிறகு தேய்க்கத் தேய்க்கத் திட்டு விழும். அதற்குப் பதிலாக, மஞ்சள் காய்ந்ததும் ஒவ்வொரு கோட்டிலும் கீழ் வல ஓரத்தை ஒட்டி, தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு ஆரஞ்சுப் பிறை அடியுங்கள். விளிம்பு தெளிவாகவே இருக்கட்டும். பத்தடி தள்ளிப் போனால் கண் அதை உருளையாக வாசித்துக்கொள்ளும். 3 அங்குலச் சுழிகளில் பிறை ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சுழியின் உள்பக்கத்தில் அடிக்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒன்றரை அங்குலப் பட்டை பிரஷ் கொடுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் விட்டு உள்ளே மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், அந்த விளிம்பை நீங்களோ கை பழகிய இரண்டு பிள்ளைகளோ முடிக்கலாம்.

அவுட்லைன் இரண்டாம் முறை

எல்லாம் காய்ந்த பிறகு அடர் நீலத்தில் அரை அங்குல அவுட்லைன். கறுப்பைவிட அடர் நீலத்தைச் சொல்வேன். கறுப்பு, மஞ்சளோடு சேர்ந்தால் எச்சரிக்கைப் பலகை போலாகிவிடும், நிழலோடும் பகைக்கும். இந்தக் கோடு மஞ்சளும் நிழலும் சந்திக்கும் ஓரத்தின் மேல் நடந்து, பிள்ளைகள் கொஞ்சம் வெளியே போன இடங்களையெல்லாம் மூடிவிடும். அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தோம். நிழலின் வெளி ஓரத்துக்கு அவுட்லைன் கிடையாது. போட்டால் நிழல் இன்னோர் எழுத்தாகி, ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டாகத் தெரியும்.

வண்ணத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேருங்கள். கோடு விட்டுவிட்டு வந்தால் தண்ணீர் குறைவு, வழிந்தால் அதிகம். ஒரு குச்சியின் முனையில் துணிப்பந்து கட்டிச் சுவரில் ஊன்றி, அதன் மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டால் கை நடுங்காது. வளைவில் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் உள்மூலை மடிப்பில் நிறுத்துங்கள், சேர்த்த இடம் தெரியாது.

‘பள்ளி நூலகம்’: பிளாக் எழுத்து

இங்கே வட்டு வேண்டாம், கட்டம் வேண்டும். உயரம் 10 அங்குலம், கோட்டின் தடிமன் ஒன்றேகால். ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு படுக்கைக்கோடாக நூல் அடித்துக்கொள்ளுங்கள். சுழிகளை வட்டமாக வைக்காமல், நான்கு மூலையும் 45 டிகிரியில் வெட்டிய சதுரமாக்குங்கள். ‘ள்’ளும் ‘ளி’யும் இப்படித்தான் பிளாக்கில் அடங்கும். ள-வுக்கு மற்ற எழுத்துகளைவிட ஒன்றரை மடங்கு அகலம் கொடுக்கத் தயங்காதீர்கள். எல்லா எழுத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் ள நசுங்கி, ப நீட்டிவைத்ததுபோல் நிற்கும்.

இதற்கு நிழலைவிடக் கனம் பொருந்தும், பலகையிலிருந்து அறுத்தெடுத்த எழுத்துபோல. எழுத்தின் வெளிமூலைகளிலிருந்து கீழ் வலமாக 45 டிகிரியில் ஒரே நீளத்துக்கு, முக்கால் அங்குலம், சின்னக் கோடுகள் போட்டு அவற்றின் முனைகளை இணையுங்கள். அட்டையில் 45 டிகிரி முக்கோணம் ஒன்று வெட்டி, அதில் முக்கால் அங்குலத்தைக் குறித்துவைத்தால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். எழுத்தின் முகம் வெள்ளை. கீழே பார்க்கும் பக்கம் அடர் நீலம், வலம் பார்க்கும் பக்கம் நிழலுக்குக் கலந்த நடு நீலம். புது வண்ணம் எதுவும் வாங்க வேண்டாம். மேலே உள்ள சொல்லோடு இது ஒரே குடும்பமாக நிற்பதும் அதனால்தான். வெள்ளை முகத்துக்கு ஹைலைட் தேவையில்லை.

ஹைலைட்

அவுட்லைன் காய்ந்து ஒருநாள் கழித்து, காலையில் ஒரு மணி நேர வேலை. வெள்ளை, அரை அங்குல அகலம். இடம் மேல் இடப்பக்கம். அவுட்லைனைத் தொடாமல் அதிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி, எழுத்தின் வளைவோடு சேர்ந்து வளைய வேண்டும். அவுட்லைனோடு ஒட்டிவிட்டால் பளபளப்பு என்று தோன்றாது, வண்ணம் விட்டுப்போன இடம் என்று தோன்றும். நீளம் ஒரு சாண் போதும், இரண்டு முனையும் மெலிந்து முடியட்டும். அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு ஒரு சின்னப் பொட்டு.

எல்லாக் கோட்டுக்கும் ஹைலைட் போடக் கூடாது. வ-வுக்குத் தலை வளைவில் ஒன்று, ப-வுக்கு இடது கால் தலையில் ஒன்று, வலது காலில் ஒரு பொட்டு மட்டும், துணைக்காலுக்கு மேல் இடது தோளில் ஒன்று. சுழிக்குள்ளே எதுவும் வேண்டாம், அங்கே ஏற்கெனவே மஞ்சளும் அடர் நீலமும் நிழலும் நெருங்கி நிற்கின்றன. இரட்டைக்கொம்பில் மட்டும் மேல்சுழியின் உச்சியில் ஒரு சின்னப் பிறை வையுங்கள். கண் முதலில் அங்கே போகும், ‘போ’ என்று வாசித்துவிட்டுத்தான் நகரும்.

புள்ளிகள் இரண்டுக்கும் மேல் இடத்தில் ஒரு பிறை, அதன் எதிர்ப்பக்கத்தில், கீழ் வலத்தில் ஆரஞ்சு. பெரிய எழுத்துகளை முடிக்கும் முன்னால் இந்த இரண்டு உருண்டைகளில் முதலில் போட்டுப் பாருங்கள். பந்துபோல் எழும்பித் தெரிந்தால் ஹைலைட்டின் இடமும் அளவும் சரி. கண் போலத் தெரிந்தால் வெள்ளை பெரிதாகிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிட்டு, பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.